வேலைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ்: ஆன்லைன் கோர்ஸ் வாக்குறுதிகளை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். புதிதாகச் சேர வருகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே எங்கோ ஒரு ஆன்லைன் கோர்ஸில் பணம் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். மீதிப்பேர் செல்போனில் ஒரு விளம்பரப் பக்கத்தைத் திறந்து காட்டி, இதை நம்பலாமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

30 நாளில் சரளமாகப் பேசலாம் என்று போட்டிருக்கிறார்கள். நிஜமாகவே முடியுமா?

முடியாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

மொழித்திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் என்ற அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். பள்ளியில் ஆங்கிலம் படித்து, போர்டு, மெசேஜ் எல்லாம் படித்துப் புரிந்துகொண்டு, பேச மட்டும் தடுமாறுகிறவர்கள் பேச்சில் பெரும்பாலும் ஏ2 படியில் இருப்பார்கள். தெரிந்த விஷயத்தைப் பற்றி ஓரளவு தொடர்ச்சியாகப் பேசி, காரணமும் சொல்ல முடிந்தால் அது பி1. முன்பின் தெரியாதவரோடு பெரிய சிரமம் இல்லாமல் உரையாட முடிந்தால் பி2. விளம்பரத்தில் 'சரளம்' என்று வருவது குறைந்தது பி2 ஆகத்தான் இருக்க வேண்டும்.

தொடக்கத்திலிருந்து எண்ணினால், ஆசிரியர் துணையோடு படிக்கும் நேரமாக ஏ2 வரை 180 முதல் 200 மணி, பி1 வரை 350 முதல் 400 மணி, பி2 வரை 500 முதல் 600 மணி ஆகும் என்று கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு ஒரு மதிப்பீடு வைத்திருக்கிறது. அதாவது ஒரு படி ஏறவே சுமார் 150லிருந்து 200 மணி. 30 நாள், தினம் ஒரு மணி என்றால் 30 மணி. ஒரு படியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடச் சரியாகத் தாண்டாது.

ஆளுக்கு ஆள் இது மாறும். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலம் காதில் விழுகிறவர் வேகமாக ஏறுவார். ஆனாலும் 150 மணி 30 மணியாகச் சுருங்கிவிடாது.

அப்படியென்றால் இரண்டு மாதத்தில் ஒன்றுமே கிடைக்காதா? எனக்கு அவசரமாக வேலை மாற வேண்டும்.

நிறையவே கிடைக்கும். மொத்த ஆங்கிலத்தையும் பிடிக்கப் போகாமல், உங்கள் வேலைக்கு வேண்டிய மூன்று நான்கு பேச்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பெரும்பாலான விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். 'சரளம்' என்று பொதுவாகச் சொல்லி விற்பது சுலபம். 'உங்கள் வேலையில் இந்த மூன்று உரையாடல்' என்று விற்க வேண்டுமானால் ஒவ்வொரு மாணவரையும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே.

ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் டிஸ்பேட்ச் பிரிவில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துணி வாங்கும் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் அசிஸ்டன்ட் மெர்ச்சண்டைசராக மாற ஆசை. வேலை அவருக்கு அத்துப்படி. லேப் டிப் என்றால் என்ன, எந்த மில்லில் நூல் தாமதமாகும், சாம்பிள் எத்தனை நாளில் தைத்து முடியும், எல்லாம் தெரியும். வெளிநாட்டு பையர் போனில் வந்தால் மட்டும் வாய் வராது.

அவருக்கு முதலில் வேண்டியது மூன்றே பேச்சு. ஒன்று, ஆர்டர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது. இரண்டு, தாமதம் ஏன், புதிய தேதி எது என்று சொல்வது. மூன்று, பையர் சொன்னது புரியாதபோது தயங்காமல் திரும்பக் கேட்டு உறுதிசெய்வது. இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். 'தி ஷேட் டிட் நாட் மேட்ச், ஸோ வி ஆர் டையிங் இட் அகெய்ன். வி வில் ஷிப் ஆன் தி ட்வென்டியத்' என்ற அளவில் இரண்டு வாக்கியம். இதையே நிறம், துணி, பட்டன், பிரின்ட், கப்பல் தேதி என்று மாற்றி மாற்றிப் பேசிப் பழகினால், ஒரு வாரத்தில் அந்த அமைப்பு வாயில் நின்றுவிடும். மூன்றாவதுதான் நிறையப் பேருக்கு நிஜமான சிக்கல். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு 'ஓகே, ஓகே' என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அப்புறம் தவறான நிறத்தில் சாம்பிள் போகும். 'டூ யூ மீன் தி லைட்டர் ஷேட்?' என்று ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவதில்தான் அவர் வேலையே இருக்கிறது.

முன்னேற்றத்தை அளக்க ஒரு வழி சொல்கிறேன். சேரும் நாளில், 'ஏன் ஷிப்மென்ட் தாமதம்' என்று இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி போனில் பதிவுசெய்யுங்கள். ஒரு மாதம் கழித்து அதே தலைப்பில், குறிப்பைப் பார்க்காமல் மறுபடி பேசிப் பதிவுசெய்யுங்கள். மூன்று நொடிக்கு மேல் நின்ற இடங்கள் எத்தனை, தமிழுக்குத் தாவிய இடங்கள் எத்தனை என்று இரண்டிலும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் கோர்ஸ் வேலை செய்கிறது. இலக்கணப் பிழை குறையாமல் இருக்கலாம், அதைப் பற்றி அப்போது கவலை வேண்டாம்; நிற்பது குறைந்த பிறகுதான் பிழை குறையத் தொடங்கும்.

தினமும் ஒரு மணி நேரம் லைவ் வகுப்பு என்கிறார்கள். பதிவுசெய்த வீடியோ இல்லை, நேரடி வகுப்பு. நல்லதுதானே?

லைவ் என்ற சொல்லைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

60 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஜூமில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் விளக்குவது, அட்டெண்டன்ஸ், 'சவுண்ட் கேட்கிறதா' என்பதெல்லாம் சேர்ந்து பாதி நேரம் போய்விடும். மீதி 30 நிமிடத்தை 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 45 நொடி. அறுபது நாளும் ஒருநாள் விடாமல் வந்தாலும் உங்கள் வாய் ஆங்கிலம் பேசிய மொத்த நேரம் 45 நிமிடம்தான்.

கட்டணம் 4,999 ரூபாய் என்று போட்டிருப்பார்கள். தனியார் பயிற்சிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. விலையில் அது சேரவில்லை என்றால் கட்டும்போது 5,899 ஆகிவிடும். அதை 45 நிமிடத்தால் வகுத்தால், நீங்கள் பேசிய ஒரு நிமிடத்துக்கு 131 ரூபாய். இன்னொரு இடத்தில் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்கு 20 தனி வகுப்பு, அரைமணி வீதம் என்று வையுங்கள். பாதி நேரம் நீங்கள் பேசினாலும் 300 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு 27 ரூபாய்க்கும் குறைவு. விளம்பரத்தில் மலிவாகத் தெரிந்தது கணக்குப் போட்டால் ஐந்து மடங்கு விலை.

பெரிய வகுப்பு எல்லாமே வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜூமில் பிரேக்அவுட் ரூம் என்ற வசதி இருக்கிறது. ஆசிரியர் 40 பேரை இரண்டிரண்டு பேராக 20 அறைகளில் விட்டு, 20 நிமிடம் ஒரு தலைப்பில் பேசவைத்தால், ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம் கிடைக்கும். அதே வகுப்பு, அதே கட்டணம், பேசும் நேரம் 13 மடங்கு. குறை என்னவென்றால், அந்த அறைக்குள் பிழை திருத்த ஆள் இருக்காது. ஜோடி சரியாக அமையாவிட்டால் இருவரும் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள், இதுவும் நடக்கும். ஆனாலும் 45 நொடியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆகவே விற்பனைப் பிரிவில் இருந்து யார் கூப்பிட்டாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 'ஒரு வகுப்பில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன்?' தெளிவான எண் வந்தால் மேலே பேசுங்கள். 'உங்களுக்கு வேண்டிய அளவு பேசலாம்' என்று பதில் வந்தால் அவர்களிடம் எண் இல்லை.

வேலைக்கு உத்தரவாதம் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றில் '100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்'. இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. அசிஸ்டன்ஸ் என்றால் உதவி. பயோடேட்டாவைத் திருத்திக் கொடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் வேலை விளம்பர லிங்க் நாலு போட்டாலே '100% உதவி' முடிந்துவிட்டது. பெரிய எழுத்தில் இருக்கும் 100% என்பது உதவிக்குத்தான் பொருந்தும், வேலைக்கு இல்லை. கண்ணுக்கு எண் முதலில் படும்படி எழுதுவதால் இது தப்பாகவே படிக்கப்படுகிறது.

உத்தரவாதம் என்று நேராகவே சொன்னால் அது சட்டப் பிரச்சினை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி, பதவி உயர்வு உறுதி என்று பொய்யாகச் சொல்லக் கூடாது. கோர்ஸின் காலம், ஆசிரியர் தகுதி, கட்டணம், பணம் திரும்பத் தரும் விதி ஆகியவற்றிலும் தவறான தகவல் தரக் கூடாது என்று அதில் இருக்கிறது. நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் போடவும் கூடாது. வாக்குறுதி எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் இருக்க வேண்டும். 50 பேருக்கு மேல் சொல்லிக்கொடுக்கும் மையங்களுக்கு இது பொருந்தும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

நடைமுறையில் இன்னொன்றையும் யோசியுங்கள். உங்களை வேலைக்கு எடுக்கப்போவது வேறு ஒரு நிறுவனம். அந்த நிறுவனத்தின் முடிவுக்கு ஒரு கோர்ஸ் நடத்துகிறவர் எப்படி உத்தரவாதம் தர முடியும்? பிடிவாதமாகத் தருகிறேன் என்றால், எந்த நிறுவனம், என்ன பதவி, மாதம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள், கிடைக்காவிட்டால் என்ன என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் உற்சாகமாகப் பேசியவர் எழுத்தில் தர மாட்டார்.

சம்பளம் 12,000இலிருந்து 35,000 ஆனது என்று ஒருவர் வீடியோவில் சொல்கிறார். அவர் பொய்யா சொல்வார்?

அவர் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பளம் ஏறியதற்கு ஆங்கிலம் மட்டுமா காரணம் என்பது அந்த வீடியோவில் இருக்காது. சொந்த ஊரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ மாறினாலே சம்பளம் ஏறும். டிகிரி முடித்திருக்கலாம், டேலி கற்றிருக்கலாம், ஐந்து வருட அனுபவம் சேர்ந்திருக்கலாம். வீடியோவில் கோர்ஸ் மட்டும்தான் தெரியும்.

அப்புறம், முன்னுக்கு வராதவர்களை யாரும் வீடியோ எடுப்பதில்லை. அதனால் எண்ணிக்கையாகக் கேளுங்கள். அந்த பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள், எத்தனை பேர் வேலை மாறினார்கள்? '50,000 மாணவர்கள்' என்று பக்கத்தில் இருந்தால், அதில் 99 ரூபாய் வெபினாருக்குப் பெயர் கொடுத்தவர்களும் சேர்த்தியா என்று கேளுங்கள்.

மாணவரின் பெயர், படம், பேச்சு எதையும் அவர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்காமல் விளம்பரத்தில் போடக் கூடாது, அந்தச் சம்மதத்தையும் அவர் வெற்றிபெற்ற பிறகுதான் வாங்க வேண்டும் என்று மேலே சொன்ன நெறிமுறைகளில் உண்டு. சேரும்போதே ஒரு படிவத்தில் 'என் படத்தையும் குரலையும் பயன்படுத்தலாம்' என்று கையெழுத்து கேட்டால், அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்றிரவு 12 மணிக்குள் சேர்ந்தால் மட்டும் இந்த விலை என்று கடிகாரம் ஓடுகிறது. கடைசி 3 இடம்தான் இருக்கிறதாம். என்ன செய்ய?

பக்கத்தை மூடிவிட்டு, இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே லிங்க்கைத் திறங்கள். கடிகாரம் முதலிலிருந்து ஓடினால் அந்தக் கெடு உண்மையானதே இல்லை. நாளைக் காலையும் ஒரு முறை பாருங்கள்; 'கடைசி 3 இடம்' பெரும்பாலும் அப்படியே இருக்கும். பதிவுசெய்த வீடியோவில் இடம் தீர்ந்துபோக வழியே இல்லை.

இப்படிப் பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, இணையத்தில் வாங்குகிறவரை ஏமாற்றும் 'டார்க் பேட்டர்ன்' தந்திரங்களைத் தடுக்க 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட நெறிமுறைகளில் முதல் வகையாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் வரி, 'மெட்டீரியல் கட்டணம்' என்று ஏற்றுவதும், நீங்கள் கேட்காத ஒன்றைக் கூடையில் சேர்த்துவிடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு கடிகாரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் தேவைப்படலாம்.

99 ரூபாய் வெபினாரில் சேரலாமா?

சேரலாம், 99 ரூபாய்க்கு மேல் செலவு செய்யப் போவதில்லை என்ற முடிவோடு. அது பாடவகுப்பு கிடையாது, பெரிய கோர்ஸை விற்கும் கூட்டம். கடைசி அரைமணி நேரம் விலையைப் பற்றித்தான் இருக்கும். அந்த இடத்தில் வெளியே வந்துவிடுங்கள். பணம் கட்டும்போது யூபிஐ ஆட்டோபே அனுமதி கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்டால் கட்ட வேண்டாம்.

பிடிக்காவிட்டால் 7 நாளில் முழுப் பணமும் திரும்பத் தருவோம் என்கிறார்கள். அப்புறம் என்ன பயம்?

அந்த வாக்குறுதி இருக்கும் பக்கத்தை நம்பாமல், பக்கத்தின் அடியில் சின்னதாக இருக்கும் ரீஃபண்ட் பாலிசி லிங்க்கைத் திறந்து படியுங்கள். இரண்டு விஷயத்தை அதில் தேடுங்கள்.

முதலில், ஏழு நாள் எந்த நாளிலிருந்து? பணம் கட்டிய நாளிலிருந்து என்றால், பேட்ச் தொடங்குவது எப்போது என்று பாருங்கள். நீங்கள் 1ஆம் தேதி கட்டுகிறீர்கள், வகுப்பு 10ஆம் தேதி தொடங்குகிறது என்றால், முதல் வகுப்பைப் பார்ப்பதற்கு முன்பே அந்த ஏழு நாள் முடிந்துபோகும்.

அடுத்து, நிபந்தனை. '80% வகுப்புக்கு வந்திருக்க வேண்டும், எல்லா அசைன்மென்ட்டையும் முடித்திருக்க வேண்டும், அப்போதும் முன்னேற்றம் இல்லை என்றால் பணம் தருவோம்' என்று எழுதியிருப்பார்கள். 60 வகுப்பில் 80% என்றால் 48 வகுப்பு. ஏழு நாளில் யாரால் 48 வகுப்புக்குப் போக முடியும்? இரண்டு விதியையும் சேர்த்துப் படித்தால் பணம் திரும்பக் கிடைக்கும் நாளே இல்லை. முன்னேற்றம் இல்லை என்பதை யார் முடிவு செய்வது என்ற வரியும் பெரும்பாலும் இருக்காது, இருந்தால், அவர்களே.

ஒழுங்கான ரீஃபண்ட் விதி சின்னதாக இருக்கும். முதல் வகுப்பு நடந்த நாளிலிருந்து இத்தனை நாள், காரணம் சொல்ல வேண்டியதில்லை, இந்த மின்னஞ்சலுக்கு எழுதினால் இத்தனை வேலைநாளில் அதே கணக்குக்கு வரும். அவ்வளவுதான். அப்படி எழுதிய இடங்களும் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

மாதம் 1,500 கட்டினால் போதும், இஎம்ஐ இருக்கிறது என்கிறார்கள். பாதியில் பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்தானே?

கவனமாக இருங்கள். பல இடங்களில் அது கோர்ஸுக்குக் கட்டும் தவணையாக இருக்காது. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து, முழுத் தொகையையும் கோர்ஸ் நடத்துகிறவருக்கு முதலிலேயே அனுப்பிவிடும். நீங்கள் வகுப்புக்குப் போகாவிட்டாலும் கடன் ஓடிக்கொண்டிருக்கும். கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கப்போகும்போது இந்த 1,500 வந்து நிற்கும்.

ஆதார், பான் கேட்டு, ஓடிபி வந்து, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க அனுமதி கேட்டால் அது கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தருகிறவர் கையெழுத்துக்கு முன்பே 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற ஒரு தாளைத் தர வேண்டும். ஆண்டு வட்டி விகிதம், மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அபராதம் இல்லாமல் கடனைத் திருப்பிக்கொடுத்து வெளியேற எத்தனை நாள் அவகாசம் என்பதும் இருக்கும். அந்தத் தாளைப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

முடித்தால் ஐஎஸ்ஓ சான்றிதழ் தருகிறார்களாம். இன்டர்வியூவில் காட்டலாமா?

காட்டலாம், பெரிய பயன் இருக்காது. ஐஎஸ்ஓ சான்று அந்த நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கிடைப்பது. உங்கள் ஆங்கிலத்தை யாரும் அளந்து தந்தது இல்லை.

ஆங்கிலம் முக்கியமாக வேண்டிய வேலைகளில் எடுக்கிறவர்களே சோதித்துவிடுவார்கள். பிபிஓ வாய்ஸ் வேலைக்குப் போனால் பல நிறுவனங்களில் வெர்சன்ட் போன்ற கணினித் தேர்வு உண்டு. சுமார் கால்மணி நேரம். ஹெட்போனில் ஒரு வாக்கியத்தைக் கேட்டு அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும், கலைந்து வரும் சொற்களைச் சேர்த்து வாக்கியமாகச் சொல்ல வேண்டும், ஒரு சின்னக் கதையைக் கேட்டு உங்கள் வார்த்தையில் மறுபடி சொல்ல வேண்டும். அப்புறம் 'ஜாம்' என்று ஒரு சுற்று: ஒரு தலைப்பு கொடுத்து ஒரு நிமிடம் நிற்காமல் பேசச் சொல்வார்கள். நீங்கள் குறிவைப்பது இந்த வேலை என்றால், இந்தச் சுற்றுகளுக்குப் பயிற்சி தருகிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் சான்றிதழைவிட உங்களுக்கு உதவும்.

கிராமரே வேண்டாம், மனப்பாடம் வேண்டாம், குழந்தை மாதிரி கற்றுக்கொள்ளலாம் என்கிறார்களே?

குழந்தைக்கு நாள் முழுக்க அந்த மொழியிலேயே பேசும் ஆட்கள் சுற்றிலும் இருக்கிறார்கள், வருடக்கணக்கில் நேரமும் இருக்கிறது. வேலை முடிந்து இரவு எட்டரை மணிக்கு ஜூமில் உட்காரும் 38 வயதுக்காரருக்கு அது இரண்டுமே இல்லை. ஆனால் அவருக்குப் பகுத்துப் பார்க்கும் அறிவு இருக்கிறது. 'ஐ ஆம் கோ' என்று சொன்னால், அது ஏன் தப்பு என்று தமிழில் ஒரே நிமிடத்தில் விளக்கினால் புரிந்துகொள்வார். அந்த ஒரு நிமிடத்தை எதற்கு மறுக்க வேண்டும்? வகுப்பு முழுக்க இலக்கணம் நடத்துவதுதான் கெடுதல்.

தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். விளக்கம் தமிழில் இருப்பது நல்லது. வகுப்பே தமிழில் ஓடினால், நீங்கள் ஆங்கிலத்தைப் பற்றித் தமிழில் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

டெமோ வகுப்பு இலவசம் என்று கூப்பிடுகிறார்கள். போய் எதைப் பார்ப்பது?

டெமோ எடுப்பவரே உங்கள் பேட்ச்சையும் எடுப்பாரா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் டெமோவுக்கென்றே நன்றாகப் பேசும் ஒருவரை வைத்திருப்பார்கள்.

அப்புறம், வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக, தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். ஆசிரியர் என்ன செய்கிறார்? நடுவில் மறித்து ஒவ்வொரு தப்பையும் திருத்தினால் உங்கள் பேச்சு நின்றுவிடும். எதையுமே திருத்தாமல் 'சூப்பர், எக்ஸலண்ட்' என்றால் நீங்கள் வளர மாட்டீர்கள். முடிக்க விட்டு, ஒன்றிரண்டு தப்பை மட்டும் எடுத்துச் சொல்லி, அதே விஷயத்தை மறுபடி பேசவைக்கிறாரா? அப்படிச் செய்தால் அவருக்கு வேலை தெரியும். கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அவரிடம் சேரலாம் என்பேன்.

நான் ஏற்கெனவே 15,000 கட்டி ஏமாந்துவிட்டேன். இப்போது கேட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். வாட்ஸ்அப்பில் கோபமாக எழுதுவதை நிறுத்திவிட்டு, முதலில் சேகரியுங்கள். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, விற்பனையாளரின் வாட்ஸ்அப் மெசேஜ், வகுப்பு நடந்த நாள்களின் விவரம். விளம்பரப் பக்கத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதைத்தான் அவர்கள் முதலில் மாற்றுவார்கள்.

பிறகு அவர்கள் மின்னஞ்சலுக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சுருக்கமாக எழுதுங்கள். விளம்பரத்தில் சொன்னது இது, கிடைத்தது இது, 15 நாளுக்குள் இவ்வளவு பணம் திரும்ப வேண்டும். ஆளுக்கு தினம் 10 நிமிடம் பேச்சு என்று சொல்லிவிட்டு 60 பேரை ஒரே வகுப்பில் உட்காரவைத்தார்கள் என்பது போல, எண்ணோடு எழுதினால் பலம். 'தரம் சரியில்லை' என்று பொதுவாக எழுதினால் வாதாடுவது கஷ்டம்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பெயர் கெட்டுவிடும் என்று பயப்படும் நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடுவது உண்டு. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டியதற்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கும். பயிற்சி மையங்களைக் கல்லூரி, பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனமாகக் கருத முடியாது என்று தேசிய ஆணையம் 2020இல் மனு சோலங்கி வழக்கில் சொல்லியிருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள்.

கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே டிஸ்ப்யூட் போட்டுவையுங்கள், அதற்குக் கால வரம்பு குறைவு. கோர்ஸே இல்லை, போன் நம்பரும் செத்துவிட்டது, வெப்சைட்டும் காணவில்லை என்றால் அது மோசடி. அப்போது 1915இல் நேரத்தைப் போக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.